மெயில் வருது, ஆனா போக மாட்டேங்குது: திருப்பூர்ல ஒரு செவ்வாக்கெழம நான் பட்ட பாடு

காலைல ஒம்போதரை இருக்கும், கொங்கு மெயின் ரோட்டுல டீ குடிச்சுட்டு நின்னேன், போன் வந்துச்சு. நமக்குப் பழக்கமான பனியன் கம்பெனிங்க, சின்னது, முப்பது மிஷின், ஆபீஸ்ல மூணு சிஸ்டம், அந்த மூணுக்கும் நாந்தான் சர்வீஸ். டாக்குமென்ட் பாக்கற அக்கா பேசினாங்க. "ஏனுங்க தம்பி, மெயில் எல்லாம் நல்லாத்தான் வருது, நான் அனுப்பறது மட்டும் போக மாட்டேங்குது, சனிக்கெழமைல இருந்து அவுட்பாக்ஸ்லயே நின்னுக்குது, பதினாலு மெயில் கெடக்குது, தூத்துக்குடி கிளியரிங் ஏஜென்டுக்கு இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்ட்டும் பொழுது சாயறதுக்குள்ள போயாகணும், சித்த வந்துட்டுப் போங்க."

மெயில் வருதுன்னா நெட் இருக்குது, பாஸ்வேர்டும் சரி, அப்ப அவுட்லுக்குல தான் கோளாறுன்னு வண்டில போறப்பவே முடிவு பண்ணிட்டேன். அன்னைக்கு மதியம் வரைக்கும் நான் பண்ணின அத்தன வெட்டி வேலைக்கும் இந்த ஒரு நெனப்பு தான் காரணம்.

போனேன், பாத்தேன். சென்ட் அண்ட் ரிசீவ் அமுக்குனா புது மெயில் ரெண்டு உள்ள வருது, அனுப்பற பக்கம் மட்டும் பச்சைக் கோடு பாதில நின்னு சுத்துது சுத்துது, ஒரு நிமிசம் கழிச்சு `0x80042109` னு ஒரு எரர். ஆபீஸ் ரிப்பேர் ஓட்டுனேன், சரியாகல. ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணினேன், ம்ஹூம். சரி பழைய புரொஃபைலே கெட்டுப் போச்சாட்ட இருக்குதுன்னு அதைத் தூக்கிப் போட்டுட்டு பழைய செட்டிங்ஸப் பாத்துக் கையால புதுசா ஒண்ணு போட்டு, பழைய டேட்டா ஃபைல அதுல சேத்தேன். அப்பவும் அதே எரர். இதுல கூடுதலா என்னாச்சுன்னா, ரெண்டு எழுத்து அடிச்சா தானா வந்து விழற அட்ரஸ் லிஸ்ட் புது புரொஃபைல்ல இல்லாமப் போயிருச்சு, அக்கா மொறைச்ச மொறைப்பு இருக்குதே, அத விடுங்க.

இந்தக் கூத்துல உருப்படியாப் பண்ணினது ஒண்ணே ஒண்ணு. புரொஃபைல்ல கை வைக்கறதுக்கு முன்னாடியே, அவசர மெயில மொதல்ல பிரவுசர்ல வெப்மெயில் தொறந்து அனுப்பிரலாம்னு தோணுச்சு. வெப்மெயில்ல எழுதற மெயில் சர்வர்லயே கெளம்பிப் போறதால நம்ம அவுட்லுக்குக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, அதுல போயிருச்சுன்னா அக்கவுன்ட் நல்லா இருக்குது, கோளாறு நம்ம சிஸ்டத்துக்கும் சர்வருக்கும் நடுவுலன்னு தெரிஞ்சுரும். ஆனா பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியல! ஆறு வருசமா அவுட்லுக்குல சேவ் ஆகி கெடந்த பாஸ்வேர்ட், எழுதி வெச்ச டைரியக் காணோம். ஹோஸ்டிங் பேனல்ல போயி புதுசா மாத்தி, இன்வாய்ஸ அனுப்பி வெச்சேன், போயிருச்சு, அவுட்லுக்குலயும் புது பாஸ்வேர்டப் போட்டுட்டேன். இந்த பாஸ்வேர்ட் மாத்தினது சாயந்திரம் இன்னொரு எடத்துல வந்து கடிச்சுது, அதப் பின்னால சொல்றேன்.

மதியம் சாப்பிட்டுட்டு உக்காந்து தான் ரோசனை பண்ணினேன். அக்காகிட்ட கேட்டேன், "சனிக்கெழம ஆபீஸ்ல புதுசா ஏதாச்சும் மாத்துனீங்களாக்கா?" அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க தம்பின்னாங்க. அஞ்சு நிமிசம் கழிச்சு தண்ணி கொண்டாந்த பையன் சொல்றான், "அண்ணா, அன்னைக்குத்தானுங்க புது ஃபைபர் கனெக்ஷன் மாட்டுனாங்க." அட, இதத்தான்டா நான் வந்த ஒடனே கேட்டிருக்கோணும்.

இப்ப விசயத்துக்கு வரேன். மெயில் ஆப்புக்குள்ள வாங்கறதும் அனுப்பறதும் ஒரே வேலை கெடையாது. நம்ம ஊர் லாரி ஆபீஸ நெனச்சுக்கோங்க. டெலிவரி கவுன்டர் ஒரு பக்கம், புக்கிங் கவுன்டர் ஒரு பக்கம். ரெண்டும் ஒரே கட்டடம் தான், ஒரே போர்டு தான், ஆனா ஆள் வேற, நோட்டு வேற. நமக்கு வந்த பண்டலை வாங்கறது பாப் இல்லன்னா ஐமேப், அது டெலிவரி கவுன்டர், அதுக்குக் கதவு நம்பர், போர்ட்டுங்கறது அதத்தான், 995 இல்லன்னா 993. நாம அனுப்பற பண்டலை வாங்கிக்கறது எஸ்எம்டிபி, அது புக்கிங் கவுன்டர். டெலிவரி கவுன்டர்ல சிரிச்சுப் பேசி பண்டலைக் குடுத்தாங்கங்கறதுக்காக புக்கிங் கவுன்டர் தொறந்திருக்குதுன்னு அர்த்தமில்ல.

அந்த எஸ்எம்டிபிக்கு மூணு கதவு இருக்குது, 25, 587, 465. இதுல 25ங்கறது பின்வாசல், லாரிக்கு லாரி சரக்கு மாத்தற எடமாட்ட, ஒரு மெயில் சர்வர் இன்னொரு மெயில் சர்வர்கிட்ட குடுக்கறதுக்கு. அந்தக் காலத்துல நாமளும் அதே வாசல்ல தான் போயிட்டு இருந்தோம். அப்பறம் வைரஸ் புடிச்ச வீட்டுக் கம்ப்யூட்டர் எல்லாம் அந்த வாசல் வழியா நேரா கண்ட சர்வருக்கும் குப்பை மெயிலா அள்ளிக் கொட்ட ஆரம்பிச்சதால, நெட் கனெக்ஷன் குடுக்கறவங்க நெறைய பேரு அவங்க பக்கத்துலயே 25 வெளிய போகாம அடைச்சுட்டாங்க. நம்மள மாதிரி ஆளுக மெயில் குடுக்கறதுக்குன்னே 1998லயே 587னு தனிக் கதவு ஒதுக்கியாச்சு. இந்தக் கம்பெனில செட்டிங்ஸ் போட்ட புண்ணியவான் (நான் இல்லீங்க, எனக்கு முன்னாடி இருந்தவரு) 25லயே போட்டுட்டுப் போயிருக்காரு, பழைய கனெக்ஷன்ல அந்தக் கதவை யாரும் அடைக்காததால ஆறு வருசமா ஓடிட்டு இருந்துச்சு. புதுக் கனெக்ஷன்காரங்க அடைச்சிருக்காங்க, சனிக்கெழம நின்னுபோச்சு. அவங்கமேல தப்புன்னும் சொல்ல முடியாது.

அடைச்சிருக்குதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறதுன்னா, விண்டோஸ்ல பவர்ஷெல் தொறந்து இத அடிச்சுப் பாருங்க, `mail.example.com` ங்கற எடத்துல உங்க அவுட்கோயிங் சர்வர் பேரைப் போட்டுக்கோங்க:

```
Test-NetConnection mail.example.com -Port 25
Test-NetConnection mail.example.com -Port 587
Test-NetConnection mail.example.com -Port 465
```

கடைசி வரில `TcpTestSucceeded` னு ஒண்ணு வரும். எனக்கு 25க்கு சித்த நேரம் யோசிச்சு `False` வந்துச்சு, 587க்கும் 465க்கும் டக்குனு `True`. அம்புட்டுத்தான், காலைல வந்த ஒடனே பண்ணியிருந்தா ஒரு நிமிச வேலை. True வந்தா கதவு தொறந்திருக்குதுன்னு மட்டும் தான் அர்த்தம், உள்ள விடுவாங்களாங்கறது வேற சமாச்சாரம். செல்போன் ஹாட்ஸ்பாட் போட்டு அனுப்பிப் பாக்கறதும் ஒரு வழி, அதுல போயிருச்சுன்னா ஆபீஸ் நெட்டு தான் காரணம்னு தெரியும், ஆனா போகலைன்னா அத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, செல் நெட்வொர்க்லயும் 25 அடைச்சிருக்கலாம்.

சரின்னு அவுட்லுக்குல அக்கவுன்ட் செட்டிங்ஸ் போயி, `More Settings`, அதுல `Advanced`, அவுட்கோயிங் போர்ட்ட 25ல இருந்து 587 ஆக்குனேன். கீழ என்கிரிப்ஷன்னு ஒரு பொட்டி இருக்கும், அதுல `SSL` னு வெச்சேன், பத்திரமா இருக்கட்டும்னு. டெஸ்ட் அமுக்குனா இந்தத் தடவ ஒரு நிமிசமெல்லாம் சுத்தல, வேற மாதிரி எரர் வந்துச்சு, சர்வர் இந்த என்கிரிப்ஷன் வகைய சப்போர்ட் பண்ணல, மாத்திப் பாருன்னு. இங்க தான் நெறைய பேரு 587உம் வேலைக்கு ஆகலன்னு மறுபடி 25க்கே திரும்பிப் போயிருவாங்க, நானும் ஒரு காலத்துல அப்படித்தான்.

விசயம் என்னன்னா 465லயும் 587லயும் பூட்டு போடற நேரம் வேற. 465ல கதவத் தொட்ட ஒடனே மொதல் பேச்சே பூட்டுக்குள்ள தான், ரெண்டு பேரும் ரகசியமாப் பேசத் தொடங்கிருவாங்க. 587ல மொதல்ல வெளிப்படையா வணக்கஞ் சொல்லி, நீ யாரு நான் யாருன்னு பேசி, அப்பறம் `STARTTLS` னு ஒரு வார்த்தை சொன்ன பொறகு தான் பூட்டு விழும். 587ல போயி எடுத்த எடுப்புலயே ரகசிய பாஷை பேசுனா அந்தப் பக்கம் சர்வருக்கு ஒண்ணும் வெளங்காது. மாத்திப் பண்ணினாலும் இதே கதை, 465ல போயி வெளிப்படையா வணக்கஞ் சொன்னா அது வாயே தொறக்காது, ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டே நிக்க வேண்டியது தான்.

இதுல பழைய அவுட்லுக்கு இன்னொரு கொழப்பம் பண்ணும். அந்தப் பொட்டில `None`, `SSL`, `TLS`, `Auto` னு இருக்கும், `STARTTLS` ங்கற பேரே இருக்காது. அதுல `SSL` னா 465 மாதிரி எடுத்த ஒடனே பூட்டு, `TLS` னா 587 மாதிரி பாதில போடற பூட்டு. புதுசா வந்ததுல `SSL/TLS`, `STARTTLS` னு தெளிவாப் போட்டுட்டாங்க. அதனால நான் இப்ப ஜோடியாத்தான் மனசுல வெச்சிருக்கறேன், 465 கூட எஸ்எஸ்எல், 587 கூட ஸ்டார்ட் டிஎல்எஸ். எது நல்லதுன்னு கேட்டா 2018ல வந்த ஆர்எஃப்சி 8314ங்கற இன்டர்நெட் விதிமுறைல 465ஐயே பயன்படுத்தச் சொல்றாங்க, நடுவுல கொஞ்ச காலம் அத வேண்டாம்னு ஒதுக்கி வெச்சிருந்ததால பழைய ஆளுக 587 தான் சரிம்பாங்க. உங்க சர்வர்ல எது தொறந்திருக்குதோ அதப் போடுங்க, சண்டை வேண்டாம்.

`TLS` னு மாத்துனேன், டெஸ்ட் அமுக்குனேன், ரெண்டு பச்சை டிக்கும் விழுந்துருச்சு. டெஸ்ட் மெயிலும் அக்காவோட இன்பாக்ஸுக்கு வந்துருச்சு. "ஆச்சுங்கக்கா"ன்னு பேக தோள்ல மாட்டிட்டேன், வாசல் கூடத் தாண்டல, உள்ளாரயிருந்து குரல். "தம்பி, மறுபடியும் என்னமோ வருதுங்க!"

அவுட்பாக்ஸ்ல இருந்த பதினாலுல கம்பெனிக்குள்ளயே போற மெயில் மூணும் போயிருச்சு. வெளிய போற பதினொண்ணும் `550` ல ஆரம்பிக்கற ஒரு எரரோட நிக்குது, அதுல relay ன்னு ஒரு வார்த்தை, நம்ம மெயில வாங்கி வெளிய கடத்தி விடறதத்தான் அப்படிச் சொல்லுவாங்க. அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது, காலைல புது புரொஃபைல் போட்டது நான் தான், `Outgoing Server` ங்கற டேப்ல `My outgoing server (SMTP) requires authentication` னு ஒரு டிக் இருக்குது, கையால அக்கவுன்ட் போட்டா அது தானா விழாது, நாம தான் போடோணும். பழைய புரொஃபைல்ல அது இருந்திருக்குது, நான் தான் அதையும் சேத்துத் தொலைச்சிருக்கறேன். கதவு பிரச்சனைய சரி பண்ணப் போயி ஆள் அடையாள பிரச்சனையக் கொண்டாந்து வெச்சுட்டேன்.

அப்ப டெஸ்ட் மெயில் மட்டும் எப்படிப் போச்சு? அவுட்லுக்கு டெஸ்ட் மெயில நமக்கே தான் அனுப்பும். நம்ம சர்வர்ல இருக்கற ஆளுக்கே வர்ற மெயில நம்ம சர்வர் யாருகிட்ட இருந்து வந்தாலும் வாங்கிக்கலாம், அதோட வேலையே அதுதானே. ஆனா வெளியூர் பார்ட்டிக்குப் போற மெயில, நீ யாருன்னு பேரும் பாஸ்வேர்டும் சொல்லாம ஏத்திக்க மாட்டேன்ங்கும், அப்படி எல்லாத்தையும் ஏத்திக்கிட்டா ஊர் உலகத்துக் குப்பை மெயில் பூரா அது வழியா போயிரும். எல்லா சர்வரும் 587ல இப்படி எளகி நிக்காது, நெறைய சர்வர் பாஸ்வேர்ட் இல்லன்னா உள்ளூர் மெயிலக்கூட வாங்காம `530` னு சொல்லித் திருப்பி விட்டுரும், அது ஒருவிதத்துல நல்லது, நம்மள ஏமாத்தாது. அன்னைலருந்து நான் டெஸ்ட் மெயில வேற கம்பெனி அக்கவுன்டுல இருக்கற என்ற சொந்த ஐடிக்குத்தான் அனுப்பிப் பாப்பேன், பச்சை டிக்க நம்பறதில்ல.

டிக் போட்டு, அதுக்குக் கீழ `Use same settings as my incoming mail server` வெச்சு, ஓகே குடுத்தேன். பதினொண்ணும் ஒண்ணு பின்னால ஒண்ணா காலி ஆச்சு, அதுல ஏஜென்டுக்கு காலைல வெப்மெயில்ல அனுப்பின அதே இன்வாய்ஸும் ரெண்டாவது தடவையாப் போயிருச்சு, அவரு போன் பண்ணி ஏனுங்க ரெண்டு வந்திருக்குது எது கரெக்டுன்னு கேட்டாரு. வெப்மெயில்ல அனுப்புனா அவுட்பாக்ஸ்ல இருக்கறத அழிச்சுருங்க, இது சின்ன விசயம் தான், ஆனா ரெண்டு இன்வாய்ஸ்ல நம்பர் மாறி இருந்துச்சுன்னா பெரிய வெசனம்.

சாயந்திரம் ஆறு மணிக்கு மொதலாளி கூப்பிட்டாரு, கோயமுத்தூர் போயிருந்தாரு. "தம்பி, என்ற போன்லயும் இதே கதை தானுங்க, மத்தியானம் பாஸ்வேர்ட் கேட்டுச்சு, அக்கா சொன்ன புதுசப் போட்டேன், மெயில் வருது, பதில் போட்டா போக மாட்டேங்குது." போர்ட்டா இருக்கும்னு நெனச்சு, அனுப்புனா ரொம்ப நேரம் சுத்துதுங்களான்னு கேட்டேன். இல்லீங்க, அமுக்குன ஒடனே யூசர் நேமோ பாஸ்வேர்டோ தப்புன்னு வருதுன்னாரு. ஒடனே மூஞ்சில அடிச்சுதுன்னா கதவு தொறந்து தான் இருக்குது, வாசல்ல நிக்கறவன் அடையாளத்தப் பாத்துட்டு வேண்டாம்னு சொல்றான். சர்வர் பாஷைல அது `535`.

அவரு வெச்சிருக்கறது ஐபோன். அதுல வாங்கற பாஸ்வேர்ட் ஒரு எடத்துலயும் அனுப்பற பாஸ்வேர்ட் இன்னொரு எடத்துலயும் தனித்தனியா இருக்குது. மத்தியானம் அவரு போட்டது வாங்கறதுக்கு மட்டும், அனுப்பற பக்கம் பழசே உக்காந்திருக்குது. மெயில் அக்கவுன்ட் செட்டிங்ஸ்ல `Outgoing Mail Server` க்கு நேரா இருக்கற `SMTP` உள்ள போயி, அங்க இருக்கற சர்வர் பேரைத் தொட்டு, பாஸ்வேர்ட மாத்தச் சொன்னேன், போயிருச்சு. தண்டர்பேர்டுலயும் இதே மாதிரி ரெண்டு பாஸ்வேர்டு தனித்தனியாத்தான் சேவ் ஆகும். ஐபோன்ல புதுசா அக்கவுன்ட் சேக்கறப்ப இன்னொரு வம்பு, அனுப்பற பக்கத்து யூசர் நேம் பாஸ்வேர்ட் பொட்டில மங்கலா `Optional` னு போட்டிருப்பாங்க, அதப் பாத்துட்டு விட்டுருவாங்க. போன வருசம் அவிநாசில ஒருத்தர் அப்படி விட்டுட்டு, "ஆப்ஷனல்னு தானுங்களே போட்டிருக்குது"ன்னு என்கிட்டயே சண்டைக்கு வந்தாரு. பாஸ்வேர்ட் கேக்காத சர்வரும் ஒரு காலத்துல இருந்துச்சு, அதுக்காக இருக்கற வார்த்தை அது. ரெண்டையும் நெரப்பிருங்க, யூசர் நேம்ல முழு மெயில் ஐடியும் போடுங்க, @ குறிக்கு முன்னாடி இருக்கறத மட்டும் போட்டா நெறைய சர்வர் ஏத்துக்காது.

இப்பெல்லாம் யாராச்சும் போன் பண்ணினா நான் மொதல்ல கேக்கறது, அனுப்புனா எவ்வளவு நேரத்துல எரர் வருதுங்கன்னு தான். ரொம்ப நேரம் சுத்தி அப்பறம் விழுந்துச்சுன்னா போர்ட் அடைச்சிருக்குது, இல்லன்னா 465ல தப்பான பூட்டு. ஒடனே விழுந்து அதுல மூணு இலக்க நம்பர் இருந்துச்சுன்னா, சர்வர் வரைக்கும் போயி பதில் வாங்கிட்டு வந்திருக்குது, அப்ப போர்ட்ட நோண்டற வேலையே வேண்டாம், நம்பர மட்டும் படிச்சுச் சொல்லுங்கம்பேன். ஆனா 550ய மட்டும் நம்பர வெச்சு முடிவு பண்ணக்கூடாது, அப்படி ஒரு மெயில் ஐடியே இல்லன்னாலும் 550 தான் வரும், பக்கத்துல என்ன எழுதியிருக்குதுன்னு முழுசாப் படிக்கோணும்.

அந்த ஆபீஸ்ல ஒண்ணு மட்டும் இன்னும் என்னால சரி பண்ண முடியல. ஸ்கேன் பண்ணி மெயில் அனுப்பற பழைய ஜெராக்ஸ் மிஷின் ஒண்ணு இருக்குது, அதுவும் 25ல தான் போயிட்டு இருந்துச்சு, அதையும் 587க்கு மாத்துனேன். அதுக்குத் தெரிஞ்ச பூட்டு பழைய காலத்து டிஎல்எஸ், சர்வர் இப்ப 1.2க்குக் கீழ பேச்சே வெச்சுக்கறதில்ல, மிஷினுக்குப் புது ஃபர்ம்வேரும் இல்ல. மொதலாளியோட ஜிமெயில் வெச்சு அனுப்பலாமான்னு கேட்டாரு. ஜிமெயில்ல 2022 மே 30லருந்து சாதா பாஸ்வேர்ட் இந்த மாதிரி மிஷினுக்கு எடுக்காதுங்க, டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டுட்டு பதினாறு எழுத்து ஆப் பாஸ்வேர்ட் எடுக்கோணும்னேன். எடுத்துப் போட்டும் பாத்தோம், மிஷினுக்கு அந்தப் பூட்டே போட வரல, பாஸ்வேர்ட் கேக்கற எடம் வரைக்கும் அது போய்ச் சேரவே இல்ல. கடைசில மெயிலே வேண்டாம்னு, ஸ்கேன் பண்ணுனா அக்கா சிஸ்டத்துல ஒரு ஃபோல்டர்ல வந்து விழறாப்பல போட்டுக் குடுத்துட்டு வந்துட்டேன். அக்கா அதுல இருந்து எடுத்து அவங்களே அட்டாச் பண்ணிக்கறாங்க. அட்ரஸ் லிஸ்ட் மட்டும் இன்னும் முழுசா சேரல, பையர் ஏஜென்ட் பேரு ஒவ்வொண்ணா அடிக்கறப்பவெல்லாம் என்னைய நெனச்சுக்குவாங்களாம்.